142 ரூபாய் ஷேர், 148.50-க்கு கிடைச்சது எப்படி?

சம்பளம் வந்த அன்னைக்கு ஒரு சின்ன கம்பெனி ஷேர் வாங்கலாம்னு ஆப்பைத் திறக்குறீங்க. திரையில விலை 142 ரூபாய். 300 ஷேர் வாங்க 42,600 ரூபாய் ஆகும்னு மனக்கணக்கு போட்டு, மார்க்கெட் ஆர்டர் போடுறீங்க. ஆர்டர் முடிஞ்சதும் பார்த்தா சராசரி விலை 148.50. மொத்தம் 44,550 ரூபாய். அதாவது 1,950 ரூபாய் கூடுதல். புரோக்கர் ஏமாத்திட்டாரா? இல்லை. என்ன நடந்திருக்கும்னு ஒரு கற்பனை உதாரணத்தோட பார்ப்போம்.

முதல்ல, நீங்க பார்த்த அந்த 142 எது? அது LTP, கடைசியா நடந்த வியாபாரத்தின் விலை. அந்த வியாபாரம் ரெண்டு செகண்டுக்கு முன்னாடி நடந்திருக்கலாம், இருபது நிமிஷத்துக்கு முன்னாடியும் நடந்திருக்கலாம். இப்போ உங்களுக்கு அந்த விலையில விற்க யாராவது இருக்காங்களா என்பதை அது சொல்லாது.

அதைச் சொல்றது மார்க்கெட் டெப்த். வாங்க நிற்பவர்களின் ஐந்து சிறந்த விலைகளும், விற்க நிற்பவர்களின் ஐந்து சிறந்த விலைகளும், ஒவ்வொன்றிலும் எத்தனை ஷேர் என்பதும் அதில் இருக்கும். நம்ம உதாரணத்துல விற்பவர்கள் பக்கம் இப்படி இருந்தது:

142.50 ரூபாய்க்கு 40 ஷேர்
144 ரூபாய்க்கு 60 ஷேர்
147 ரூபாய்க்கு 50 ஷேர்
151 ரூபாய்க்கு 80 ஷேர்
154 ரூபாய்க்கு 100 ஷேர்

மார்க்கெட் ஆர்டர்னா, "விலை எதுவானாலும் பரவாயில்லை, எனக்கு 300 ஷேர் இப்பவே வேணும்"னு அர்த்தம். எக்ஸ்சேஞ்ச் அதைத்தான் செஞ்சது. குறைந்த விலைக்காரரிடமிருந்து ஆரம்பிச்சு 40, 60, 50, 80னு வரிசையா எடுத்தது. மீதி 70 ஷேரை 154-ல முடிச்சது. எல்லாம் சேர்ந்துதான் சராசரி 148.50.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, ஆர்டர் முடிஞ்ச உடனே உங்க கணக்குல 1,650 ரூபாய் லாபம்னு பச்சை கலர்ல காட்டும். ஏன்னா கடைசி வியாபாரம் 154-ல நடந்தது, அதுவும் உங்களோடது! ஆனா வாங்குபவர்கள் பக்கம் நிற்கும் அதிகபட்ச விலை 141 தான். அடுத்து யாராவது 141-க்கு விற்றதும், அதே இடத்துல 2,250 ரூபாய் நஷ்டம்னு சிவப்பா மாறிடும். கம்பெனியில எதுவும் மாறலை.

இப்போ இதையே லிமிட் ஆர்டரா, 144 ரூபாய்னு போட்டிருந்தா? 142.50-க்கு 40, 144-க்கு 60, ஆக 100 ஷேர் உடனே கிடைச்சிருக்கும். சராசரி 143.40. மீதி 200 ஷேருக்கான ஆர்டர் 144-ல காத்திருக்கும். அந்த விலைக்கு யாராவது விற்க வந்தா நடக்கும். வரலைன்னா, சாதாரண டே ஆர்டர் அன்றைய சந்தை முடிஞ்சதும் தானா ரத்தாகிடும்.

பலருக்கு இருக்கிற ஒரு சந்தேகம்: "144னு போட்டா 144 கொடுத்தாகணுமா?" இல்லை. லிமிட்ங்கிறது உச்சவரம்பு. அதைவிடக் குறைவா விற்க ஆள் இருந்தா, குறைஞ்ச விலையிலேயே கிடைக்கும். மேலே முதல் 40 ஷேர் 142.50-க்கு கிடைச்சது அப்படித்தான்.

லிமிட் ஆர்டருக்கும் ஒரு விலை உண்டு: ஷேர் கிடைக்காமலே போகலாம். நீங்க 144-ல நிற்கும்போது விலை 160-க்குப் போயிட்டா வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அதனால "இதுக்கு மேல எனக்கு வேண்டாம்"னு நீங்களே முன்கூட்டி முடிவு செஞ்ச விலையைப் போடுங்க. ஆர்டர் நடக்கலைங்கிற பதற்றத்துல லிமிட்டை ஏத்திக்கிட்டே போனா, அது மார்க்கெட் ஆர்டரையே தவணை முறையில போட்ட மாதிரி.

அப்போ மார்க்கெட் ஆர்டரே கூடாதா? நிஃப்டி 50-ல இருக்கிற பெரிய கம்பெனிகள்ல, சாதாரண நேரத்துல, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி பெரும்பாலும் சில பைசாதான் இருக்கும். ஒவ்வொரு விலையிலும் நிறைய ஷேர் நிற்கும். அங்கே 20, 30 ஷேர் வாங்குறவருக்கு ரெண்டு ஆர்டருக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க பத்து செகண்ட் போதும். ஆர்டர் போடும் முன் டெப்த்தைத் திறங்க. முதல் வாங்கும் விலைக்கும் முதல் விற்கும் விலைக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி? இங்கே 141-க்கும் 142.50-க்கும் நடுவுல ஒன்றரை ரூபாய், அதாவது ஒரு சதவீதத்துக்கு மேல. அடுத்து, முதல் விற்கும் விலையில உங்களுக்கு வேண்டிய அளவு ஷேர் இருக்கா? இங்கே 300 வேணும், இருந்ததோ 40. இந்த ரெண்டுல ஒண்ணு சரியில்லைன்னாலும் லிமிட் ஆர்டர்தான்.

விற்கும்போதும் இதே கதைதான், திசை மட்டும் மாறும். அவசரமா மார்க்கெட் ஆர்டர்ல விற்றா, 141, அதுக்கு அடுத்து இன்னும் கீழேன்னு படி இறங்கிக்கிட்டே போகும்.