துக்கம் கேட்கப் போகும்போது...

சின்னக் குழந்தைகளோடு கணவரை இழந்து நிற்கும் பெண்ணிடம் "எல்லாம் சரியாயிடும்", "பிள்ளைகளுக்காகத் தைரியமா இரு" என்று சொல்லாதீர்கள். வாடகை, பள்ளிக் கட்டணம், கடன் தவணை என்று அவர் மனதில் ஓடும் கணக்கை அந்தச் சொற்கள் வெளியே வரவிடாது. "அடுத்து என்னன்னு பயமா இருக்கும், இல்லம்மா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் சொல்லட்டும். குழந்தைகள் காதுபட "இனி இதுங்க கதி என்ன?" என்று புலம்புபவரை மெல்ல வெளியே அழைத்துப் போவதும் உதவிதான்.

"எதுனாலும் கேளும்மா" என்றால் யாரும் கேட்பதில்லை. "பதினாறு முடிஞ்சதும் திங்கட்கிழமை வர்றேன், பேப்பரெல்லாம் சேர்ந்து பார்ப்போம்" என்று நாளைச் சொல்லுங்கள். சொன்னபடி போங்கள்.

முதலில் இறப்புச் சான்றிதழில் நாலைந்து பிரதி. பிறகு இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பம். கணவரின் பாஸ்புக்கில் ஆண்டுக்கு 436 ரூபாய் பிடித்திருந்தால் அநேகமாக அது பிரதமரின் ஆயுள் காப்பீடு. 2 லட்சம் ரூபாய் வரவேண்டும், வங்கியில் கேளுங்கள். பணியில் இருக்கும்போதே இறந்தவருக்கு பி.எஃப். இருந்தால், சேமிப்புத் தொகையோடு காப்பீட்டுத் தொகையும், மனைவிக்கு மாத ஓய்வூதியமும், இரண்டு குழந்தைகளுக்கு 25 வயது வரை தனி ஓய்வூதியமும் உண்டு. பலர் சேமிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். மனைவியை இழந்த கணவருக்கும் இதே உரிமைகள் உண்டு.

வெற்றுத் தாளில் மட்டும் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடவிடாதீர்கள்.