இன்டர்ன்ஷிப் முடித்தவருக்குப் பரிந்துரைக் கடிதம்

திண்டிவனம் பக்கம் நிலக்கடலை விதை நிறுவனத்தில் பயிற்சி முடித்த மாணவிக்கு, ‘நன்றாக வேலை செய்தார்’ என்று மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். விழுப்புரத்தில் வேலை கேட்டுப் போகுமிடத்தில் அது எடுபடாது.

செய்த வேலையைச் சொல்லுங்கள்: “400 விதைகளை நூறு நூறாக மணலில் ஊன்றி, 10-ஆம் நாள் முளைப்பைக் கணக்கிட்டார்.”

வளர்ச்சிக்குத் தொடக்கமும் முடிவும் வேண்டும்: “முதலில் வேர் சிதைந்த நாற்றுகளையும் நல்லவையாக எண்ணினார். இரண்டாம் மாதம் அவற்றைத் தானே பிரித்தார். முளைப்பு 70 சதவீதத்துக்குக் குறைந்த குவியலை விற்பனைக்கு அனுப்பாமல் நிறுத்தினார்.” தொடக்கத் தவறை எழுதத் தயங்க வேண்டாம், திருத்தமும் சேர்ந்திருந்தால் அது அவருக்குப் பலம்தான்.

நீங்கள் நேரில் பார்க்காததை எழுதாதீர்கள். பயிற்சித் தேதிகள், எந்த வேலைக்குப் பரிந்துரைக்கிறீர்கள் என்பது, உங்கள் பதவி, கையெழுத்து, தொலைபேசி எண் ஆகியவை லெட்டர்ஹெட்டில் இருக்கட்டும்.