தலைப்பைப் பிரிக்க எந்தக் குறி?

நோட்பேடில் சொந்தமாக இணையப் பக்கம் தயாரிக்கிறீர்களா? title என்ற டேக்கில் நீங்கள் தருவதுதான் பிரவுசரின் டேபிலும் புக்மார்க்கிலும் தெரியும். அதில் பக்கத்தின் பெயர், பாட எண், தளத்தின் பெயர் என மூன்று பகுதிகள் வருவதாக வைத்துக்கொள்வோம். பலரும் இப்படி டைப் செய்கிறார்கள்:

```
<title>ஏ-4 தாளில் அச்சிடுதல்-2-ஆம் பாடம்-கணினிப் பயிற்சி</title>
```

இதில் நான்கு ஹைபன்கள் உள்ளன. "ஏ-4", "2-ஆம்" என்பவற்றில் அது இணைக்கிறது. மற்ற இரண்டு இடங்களில் பிரிக்கிறது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாததால் "அச்சிடுதல்-2" என்று சேர்த்துப் படித்துவிடுகிறோம். முதல் வேலையாகப் பிரிக்கும் குறிக்கு இருபுறமும் ஓர் இடைவெளி விடுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

மீதியைத் தீர்க்க, ஹைபனைவிட நீளமான என் டேஷ் குறியைப் பயன்படுத்தலாம். விண்டோஸில் Alt கீயை அழுத்திக்கொண்டு, வலப்புற எண் பேடில் 0150 என டைப் செய்தால் இது கிடைக்கும். எண் பேடு இல்லாத லேப்டாப்பில் `&ndash;` என்று எழுதினால் போதும், பிரவுசர் அதை டேஷாகக் காட்டும். 0151 தரும் எம் டேஷ் இன்னும் நீளமானது. குறுகிய டேபில் அது இடத்தைத்தான் அடைக்கும்.

டேஷை நேரடியாக டைப் செய்தால் ஒரு சிக்கல் வரலாம். பக்கத்தைத் திறக்கும்போது டேஷ் இருக்க வேண்டிய இடத்தில் â€“ என்று தெரிந்தால், பைல் UTF-8 ஆக சேவ் ஆகியிருக்கிறது, பிரவுசரோ அதை வேறு முறையில் படிக்கிறது என்று பொருள். தமிழ் எழுத்துகளும் கூடவே சிதறியிருக்கும். title வரிக்கு மேலே இதைச் சேருங்கள்:

```
<meta charset="utf-8">
```

அடுத்தது பைப் எனப்படும் செங்குத்துக் கோடு. வழக்கமான கீபோர்டில் Shift உடன் \ கீயை அழுத்தினால் வரும். வட்ட வட்டமான தமிழ் எழுத்துகளுக்கு நடுவே இது பளிச்சென்று தெரியும். ஆங்கிலத்தில் அப்படியல்ல. Tamil|India என்று ஏரியல் எழுத்துருவில் டைப் செய்து பாருங்கள், மூன்று கோடுகள் வரிசையாக நிற்பதுபோல் இருக்கும். தவிர, விண்டோஸ் பைல் பெயரில் பைப் குறிக்கு அனுமதி இல்லை. உங்கள் பக்கத்தை ஒருவர் சேவ் செய்யும்போது, பிரவுசர் அதை எடுத்துவிட்டு அடிக்கோடு போன்ற வேறொன்றை வைக்கும். நீங்களே ரீநேம் செய்து பைப் போட முயன்றால் பிழைச்செய்திதான் வரும்.

எனவே பைப்பைத் தளத்தின் பெயருக்கு முன்னால் ஒருமுறை மட்டும் வைப்பதே என் வழக்கம்:

```
<title>ஏ-4 தாளில் அச்சிடுதல் – 2-ஆம் பாடம் | கணினிப் பயிற்சி</title>
```

இப்போது ஹைபன் இணைக்க மட்டுமே வருகிறது, டேஷ் பாடத்தைப் பிரிக்கிறது, பைப் தளத்தின் பெயரை ஒதுக்கிக் காட்டுகிறது. நிறைய டேப்களைத் திறந்து வைத்திருக்கும்போது தலைப்பின் ஆரம்பம் மட்டுமே தெரியும் என்பதால் பக்கத்தின் பெயரை முதலில் வைத்திருக்கிறேன். தலைப்பில் வேறு ஹைபனே இல்லையென்றால் டேஷுக்காக மெனக்கெட வேண்டாம். இடைவெளி விட்ட சாதாரண ஹைபனே போதும்.