ரத்த எண்ணிக்கை சரியாகிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

என் கணவருக்கு சி.எம்.எல். ரத்தப் புற்றுநோய். திருவனந்தபுரம் ஆர்.சி.சி.யில் இமாடினிப் 400 மி.கி. தந்தார்கள். மூன்றே மாதத்தில் வெள்ளையணு 1,80,000-லிருந்து 6,500 ஆகிவிட்டது. இனியும் மாத்திரை தேவையா? எதற்கு பி.சி.ஆர். பரிசோதனை?
– ஒரு வாசகி, கரமனை

நிறுத்திவிடாதீர்கள் அம்மா! 6,500 என்பது மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கான அத்தாட்சி. நோய் போய்விட்டது என்பதற்கல்ல. 9, 22-ஆம் குரோமோசோம்கள் நுனி மாற்றிக்கொண்டதால் பிறந்த பி.சி.ஆர்-ஏ.பி.எல். மரபணு, அணுக்களை ஓயாமல் பெருகச் சொல்கிறது. மாத்திரை அதன் வாயை அடைக்கிறது, அவ்வளவுதான். மரபணு மிச்சமிருப்பது சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரியாது, பி.சி.ஆர். காட்டிக்கொடுக்கும். (பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் பரிசோதனை வேறு, மரபணு வேறு.)

மூன்றாம் மாதம் அந்த மரபணுவின் அளவு 10 சதவீதத்துக்குள், ஓராண்டில் 0.1 சதவீதத்துக்குள் வர வேண்டும். வராவிட்டால் டாக்டரின் முதல் கேள்வி, "மாத்திரையை விட்டுவிட்டாரா?" என்பதாகத்தான் இருக்கும். விடவில்லையென்றால் மரபணு மேலும் மாறியிருக்கிறதா என்று பார்த்து, டாசாடினிப் போன்ற வேறு மாத்திரைக்கு மாற்றுவார்.

ரத்த எண்ணிக்கைக்கும் வேலை உண்டு. நியூட்ரோஃபில் 1,000-க்கோ, தட்டணு 50,000-க்கோ கீழே போனால், எண்ணிக்கை ஏறும்வரை டாக்டரே மாத்திரையை நிறுத்திவைப்பார். அந்த முடிவை அவரிடமே விடுங்கள்.