வீட்டு வைஃபையில் பல்புக்கும் கேமராவுக்கும் தனி வாசல்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இப்போது புதிதாகக் கட்டும் வீடுகளில் கேமரா இல்லாத வாசல் குறைவு. அதோடு கைபேசியில் நிறம் மாற்றும் பல்புகள், நேரம் சொல்லும் ஸ்பீக்கர், தொலைவிலிருந்தே அணைக்கும் பிளக் என ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. பிறகு ஒருநாள் கரண்ட் போய் வந்ததும் இரண்டு பல்புகள் எரிய மறுக்கும். மகளின் அலுவலக வீடியோ கூட்டம் பாதியில் நின்றுவிடும். உடனே இணைய நிறுவனத்துக்குப் போன் செய்து, அதிக வேகமுள்ள திட்டத்துக்கு மாறிவிடுகிறோம். மாதக் கட்டணம் கூடுகிறது, தொல்லை மட்டும் அப்படியே இருக்கிறது.

இதில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் கலந்திருக்கின்றன. ஒன்று நெரிசல், மற்றொன்று பாதுகாப்பு. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. ஒரு வீட்டை உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

ஆறு பேர் உள்ள மாடி வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கைபேசி 6, லேப்டாப் 3, டிவி 2, பல்பு 12, வைஃபை கேமரா 4, பிளக் 3, ஸ்பீக்கர் 2, ஏசி 1, பிரிண்டர் 1. கூட்டினால் 34. இணைய நிறுவனம் மாட்டிவிட்டுப் போன ரவுட்டரில் இரண்டு வைஃபை பெயர்கள் தெரியும். ஒன்றின் முடிவில் 5G என்று இருக்கும். ஆனால் முதல் நாளில் போட்ட பழக்கத்தில் வீட்டார் எல்லாரும் சாதாரணப் பெயரிலேயே, அதாவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே இருக்கிறார்கள். இவ்வகை ரவுட்டர்கள் பலவற்றில் ஒரு வைஃபை பெயருக்கு 32 கருவிகள் என்று வரம்பு வைத்திருப்பார்கள். பகலில் பாதிப்பேர் வெளியே இருப்பதால் ஒன்றும் தெரியாது. இரவில் எல்லாரும் வீடு திரும்பியதும் கடைசியாக வரும் இரண்டு கருவிகளுக்கு இடமில்லை. கரண்ட் போய் வந்தால் முந்திக்கொண்டது உள்ளே, பிந்தியது வெளியே. ஒவ்வொரு முறையும் வேறு வேறு கருவி இணையாமல் நின்றால், பழுது கருவியில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது என்று அறியலாம்.

எண்ணிக்கை வரம்புக்குள் இருந்தாலும் இன்னொரு நெருக்கடி உண்டு. ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், மற்றவை காத்திருக்கும். பல்பு பேசுவது மிகக் குறைவு, எனவே 12 பல்புகளால் வேகம் குறைவதில்லை. கேமரா அப்படியல்ல. இணையத்துக்குப் படத்தை ஓயாமல் அனுப்பும் கேமரா ஒன்று நொடிக்குச் சுமார் 1 முதல் 2 மெகாபிட் வரை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதிலும் கேட்டருகே, இரண்டு கான்கிரீட் சுவர்களுக்கு அப்பால் மாட்டிய கேமராவுக்கு சிக்னல் பலவீனமாகக் கிடைக்கும். அது மெதுவாகப் பேசும். அதே தகவலைச் சொல்ல அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த நேரம் முழுவதும் மகளின் லேப்டாப் காத்திருக்கும்.

இந்த நெரிசலுக்கு மருந்து எளியது. கைபேசி, லேப்டாப், டிவி ஆகிய 11 கருவிகளையும் 5G என்று முடியும் பெயருக்கு மாற்றுங்கள். பல்பும் பிளக்கும் பெரும்பாலும் 2.4-இல் மட்டுமே இயங்கும்; அவை அங்கேயே இருக்கட்டும். தூரத்துக் கேமராவுக்கு முடிந்தால் கேபிள் இழுங்கள். இவ்வளவு செய்தாலே கூட்டம் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

அடுத்தது பாதுகாப்பு. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் இணையத்தில் வெளியாகி விற்கப்பட்டது நாட்டையே அதிரவைத்தது. அங்கே இருந்த பாஸ்வேர்டு admin123 என்று பின்னர் செய்தி வந்தது. அதற்கு முன், 2016 அக்டோபர் 21 அன்று, 'மிராய்' என்ற தீய நிரல் தொற்றிய கேமராக்களும் பதிவுக் கருவிகளும் சேர்ந்து அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்களை முடக்கின. அதுவும் தொழிற்சாலையில் போட்ட பாஸ்வேர்டை யாரும் மாற்றாத கருவிகள் வழியாகவே பரவியது.

மலிவான கேமராவோ பல்போ வாங்கிய சில ஆண்டுகளில், அதைச் செய்தவர்கள் மென்பொருளைத் திருத்தி அனுப்புவதை நிறுத்திவிடலாம். அப்படிப்பட்ட கருவி ஒன்று பிறர் கைக்குப் போனால், அதே வைஃபையில் இருக்கும் லேப்டாப்பையும் பிரிண்டரையும் அது தட்டிப் பார்க்க முடியும். வீட்டுக் கணக்கு, அடையாள அட்டைகளின் நகல், குடும்பப் புகைப்படங்கள் எல்லாம் இருப்பது அந்த லேப்டாப்பில்தான். இதைத் தடுக்கத்தான் ரவுட்டரில் Guest Network என்ற வசதி உதவுகிறது. விருந்தினருக்காக வைத்த இந்த வைஃபையில் இணைபவர் இணையத்துக்குப் போகலாம், வீட்டின் மற்ற கருவிகளை எட்ட முடியாது. திண்ணையில் உட்காரலாம், உள்ளறைக்கு வர முடியாது என்பதுபோல. ஆனால் இதுவும் அதே அலைவரிசையில்தான் ஓடுகிறது. இதனால் வேகம் கூடாது.

இனி செய்முறை. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் அதன் முகவரி இருக்கும்; பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. கைபேசியின் பிரவுசரில் அதைத் தட்டி உள்ளே போங்கள். முதல் வேலையாக ரவுட்டரின் admin பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

12 பல்புகளையும் ஏணி போட்டு ஏறி மீண்டும் இணைக்க வேண்டுமா என்று மலைக்க வேண்டாம். கருவிகளை நகர்த்தாமல் பெயரை நகர்த்தினால் போதும். வீட்டின் முதன்மை வைஃபைக்கு, இரண்டு அலைவரிசையிலும், புதிய பெயரும் புதிய பாஸ்வேர்டும் கொடுங்கள். பிறகு Guest Network-ஐ 2.4-இல் திறந்து, அதற்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே, எழுத்து மாறாமல் கொடுங்கள். பாதுகாப்பு வகை WPA2-PSK என்று இருக்கட்டும். WPA3 மட்டும் என்று வைத்தால் பல பல்புகள் இணையாது. கருவிகள் பழைய பெயரைத் தேடித் தாமாகவே விருந்தினர் வைஃபைக்குள் வந்துவிடும். அதற்கும் தனி எண்ணிக்கை வரம்பு இருக்கலாம். நமது உதாரண வீட்டில் 22 கருவிகளுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கைபேசி, லேப்டாப், டிவி, பிரிண்டர் ஆகியவற்றைப் புதிய பெயரில் சேர்த்து, அவற்றில் பழைய பெயரை Forget கொடுத்து மறக்கச் செய்யுங்கள். இல்லாவிட்டால் லேப்டாப் பழைய பழக்கத்தில் விருந்தினர் பக்கமே போய் உட்கார்ந்துகொள்ளும். 'பிரிண்டர் வேலை செய்யவில்லை' என்று யாராவது சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

பழைய பாஸ்வேர்டு அக்கம்பக்கம் வரை தெரிந்திருந்தால் இந்தக் குறுக்குவழி வேண்டாம். புதிய பாஸ்வேர்டு வைத்து ஒவ்வொன்றாக இணைப்பதே நல்லது. அப்படி இணைக்கும்போது உங்கள் கைபேசியும் அந்த விருந்தினர் வைஃபையில் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் திரும்பிவிடலாம்.

பிரிவு உண்மையில் ஏற்பட்டதா என்று சோதிப்பது அவசியம். சில ரவுட்டர்களில் இரண்டாவது பெயர் கிடைக்கும், ஆனால் இரண்டுக்கும் உள்ளே ஒரே கூடம்தான். கைபேசியை விருந்தினர் வைஃபையில் சேர்த்து, மொபைல் டேட்டாவை நிறுத்துங்கள். ஏதாவது ஒரு செய்தித்தளம் திறக்க வேண்டும். பிரிண்டருக்கு அச்சு அனுப்பிப் பாருங்கள், போகக்கூடாது. ரவுட்டரின் முகவரியைத் தட்டினால் அந்தப் பக்கமும் திறக்காமல் இருப்பது நல்லது. அச்சு வந்துவிட்டால் பிரிவு இல்லை என்று பொருள். அமைப்புப் பக்கத்தில் Allow guests to access my local network என்பது போன்ற வரி இருந்தால் அதன் டிக்கை எடுத்துவிட்டு மீண்டும் சோதியுங்கள்.

பிரித்த பிறகு சில வசதிகள் மாறும். பல்பையும் பிளக்கையும் கைபேசியிலிருந்து இயக்குவது பெரும்பாலும் இணையம் வழியாகவே நடப்பதால் அது தொடரும். ஆனால் கைபேசியில் ஓடும் பாட்டையோ பயானையோ ஸ்பீக்கருக்கு நேரடியாக அனுப்புவது நின்றுபோகலாம். அது முக்கியமென்றால் அந்த ஸ்பீக்கரை மட்டும் முதன்மை வைஃபைக்குக் கொண்டுவாருங்கள். டிவியை முதன்மையில் விட்டதும் இதே காரணத்தால்தான்.

கேபிள் வழியாக ஓடும் கேமராக்கள் உள்ள வீடுகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பதிவுப் பெட்டியை ரவுட்டரின் பின்புறத் துளையில் செருகியிருந்தால் அது வழக்கமாக முதன்மைப் பக்கத்தில்தான் இருக்கும்; விருந்தினர் வைஃபை அதைத் தொடாது. இப்படி இருந்தாலும், சோதனையில் பிரிவு இல்லை என்று தெரிந்தாலும், இன்னொரு ரவுட்டர் வாங்கி, அதன் WAN துளையைப் பழைய ரவுட்டருடன் கேபிளால் இணையுங்கள். குடும்பத்தின் கைபேசி, லேப்டாப், பிரிண்டர் புதியதில். பல்பும் கேமராவும் பதிவுப் பெட்டியும் பழையதிலேயே. புதியதை Router முறையில் வையுங்கள். Access Point முறையில் வைத்தால் பிரிவு போய்விடும். இரண்டின் முகவரியும் ஒன்றாக இருந்தால் இணையம் வராது, புதியதை 192.168.10.1 என்று மாற்றிக்கொள்ளுங்கள். இடம் மாற்றிச் செய்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் ரவுட்டரிலிருந்து வெளியே உள்ளதை எட்ட முடியும், வெளியிலிருந்து உள்ளே நுழைவதுதான் தடைபடும். எனவே காக்க வேண்டியவை உள்ளே இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. கேமராவைத் தனி வைஃபையில் வைத்ததால் அதன் படம் பாதுகாப்பாகிவிடாது. அந்தக் கேமராவின் கணக்குக்குள் பாஸ்வேர்டு தெரிந்து நுழைபவரை இது தடுக்காது. ராஜ்கோட்டில் நடந்தது அப்படிப்பட்டதே. ஆகவே கேமராவிலும் பதிவுப் பெட்டியிலும் மாட்டியவர் போட்டுத் தந்த பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். ரவுட்டரில் UPnP என்ற வசதியை நிறுத்துங்கள். கருவிகள் நம்மைக் கேட்காமல் வெளியுலகுக்குக் கதவு திறப்பது அதன் வழியாகத்தான். வீட்டுக்குள் மாட்டிய கேமரா, குறிப்பாகப் பெண்கள் புழங்கும் கூடத்திலும் அறையிலும் இருப்பது, உண்மையிலேயே தேவையா என்று குடும்பத்தோடு பேசி முடிவெடுங்கள். கழற்றி வைத்த கேமராவிலிருந்து எந்தப் படமும் வெளியே போகாது.