விற்ற பின்னும் பேசும் கார்

2017-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாட்டில், ஐ.பி.எம். நிறுவனத்தின் பாதுகாப்பு வல்லுநர் சார்லஸ் ஹெண்டர்சன் என்பவர் தம் அனுபவம் ஒன்றை எடுத்துரைத்தார். சில ஆண்டுகளுக்கு முன் அவர் தம் காரை விற்பனையாளரிடம் கொடுத்துவிட்டு, அதே நிறுவனத்தின் வேறொரு காரை வாங்கினார். கொடுக்குமுன், பழைய காரில் பதிந்திருந்த தொலைபேசி எண்களை அழித்தார். சாவிகளையும் எண்ணி ஒப்படைத்தார். ஆயினும் அவருடைய கைப்பேசிச் செயலியில் பழைய கார் மறையவே இல்லை. அது எங்கே நிற்கிறது என்று அவரால் பார்க்க முடிந்தது. இருந்த இடத்திலிருந்தே அதன் கதவைத் திறக்கவும், ஒலிப்பானை ஒலிக்கச் செய்யவும் முடிந்தது. காரை வாங்கியவருக்கோ இது தெரியவே தெரியாது.

துறை அறிந்த ஒருவருக்கே இது நேர்ந்தது எவ்வாறு? இவ்வினாவின் விடையைத் தெரிந்துகொண்டால், காரை விற்பவரும் வாங்குபவரும் செய்ய வேண்டியது என்ன என்பது தானே விளங்கிவிடும்.

செய்தி தங்கும் மூன்று இடங்கள்

இன்றைய இணைப்புக் காரில் நம்மைப் பற்றிய செய்திகள் மூன்று இடங்களில் தங்குகின்றன.

முதலாவது, டாஷ்போர்டில் உள்ள திரையும் அதன் பின்னால் இருக்கும் நினைவகமும். கைப்பேசியைப் புளூடூத் வழியே இணைத்து, எண்களைப் பகிர அனுமதி கேட்கும்போது "சரி" என்று அழுத்திவிட்டால், நம் தொடர்புப் பட்டியலும் அழைப்புப் பட்டியலும் இந்த நினைவகத்திற்கு நகலாகச் சென்றுவிடும். காரின் சொந்த வரைபடத்தில் தேடிய ஊர்கள், "வீடு", "அலுவலகம்" என்று குறித்த முகவரிகள், வைஃபை கடவுச்சொல் ஆகியவையும் இங்கேயே இருக்கும்.

இரண்டாவது, டெலிமாட்டிக்ஸ் பெட்டி. இது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பொருத்தப்பட்டிருக்கும். இதற்குள் ஒரு சிம்மும், செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவியும் உண்டு. காரின் உள்கம்பிகளில் ஓடும் செய்திகளை இது படிக்கிறது. எஞ்சின் எப்போது இயங்கியது, என்ன வேகம், பிரேக் எவ்வளவு வன்மையாக அழுத்தப்பட்டது, இருக்கைப் பட்டை அணியப்பட்டதா, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பவற்றைத் திரட்டி, இடக்குறிப்போடு சேர்த்துக் கைப்பேசி அலைவரிசையில் அனுப்புகிறது. நம் கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுச் சென்றாலும் இந்தப் பெட்டி தன் வேலையை நிறுத்துவதில்லை.

மூன்றாவது, நிறுவனத்தின் கணினி. பெட்டி அனுப்புவதெல்லாம் அங்கேதான் சேர்கிறது. இன்ன கார் இன்னாருடையது என்ற பதிவும் அங்கேதான் உள்ளது. கைப்பேசிச் செயலியில் "கதவைத் திற" என்று நாம் கட்டளையிட்டால், அது நேராகக் காருக்குப் போவதில்லை. முதலில் நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது; அது பதிவைப் பார்த்து, நாம் உரிமையாளரே என்று கண்டபின், காருக்குக் கட்டளையை அனுப்புகிறது.

ஹெண்டர்சனின் புதிர் இங்கே அவிழ்கிறது. அவர் துடைத்தது முதல் இடத்தை. மூன்றாம் இடத்திலிருந்த பதிவு அப்படியே நின்றது. சாவி கைமாறியதையோ, பதிவுச் சான்றில் பெயர் மாறியதையோ நிறுவனத்தின் கணினி தானாக அறிவதில்லை.

திரட்டியது எங்கே போகிறது?

2024-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஒரு செய்தியை வெளியிட்டது. அமெரிக்காவில் ஷெவர்லே போல்ட் என்னும் மின்கார் வைத்திருந்த ஒருவருக்குக் காப்பீட்டுத் தொகை 2022-இல் 21 விழுக்காடு உயர்ந்தது. அவர் எந்த விபத்துக்கும் காரணமாக இருந்தவர் அல்லர். காரணம் தேடியவர், லெக்சிஸ்நெக்சிஸ் என்னும் தகவல் நிறுவனம் தம்மைப் பற்றி வைத்திருந்த அறிக்கையைக் கேட்டு வாங்கினார். அது 258 பக்கம் இருந்தது. ஆறு மாதங்களில் அவரும் மனைவியும் அக்காரில் சென்ற 640 பயணங்கள் அதில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், தொலைவு, மிகுவேகம், திடீர்ப் பிரேக்கு ஆகியவை குறிக்கப்பட்டிருந்தன. அவற்றைக் கொடுத்தது காரைச் செய்த ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம்.

"ஸ்மார்ட் டிரைவர்" என்ற திட்டத்தின் பெயரால் அது திரட்டப்பட்டது. நன்றாக ஓட்டக் கற்றுத்தரும் வசதி என்றே அது வாடிக்கையாளருக்குச் சொல்லப்பட்டது. அதில் சேர்க்கும் முறையே மக்களை மயக்குவதாக இருந்தது என்று அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. சில வேளைகளில் மூன்று நொடிக்கு ஒருமுறை காரின் இருப்பிடம் பதிவானதாகவும் கூறியது. 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட உடன்பாட்டின்படி, இருப்பிடத்தையும் ஓட்டும் பழக்கத்தையும் அத்தகைய தகவல் நிறுவனங்களுக்கு ஐந்தாண்டுக் காலம் கொடுக்க ஜெனரல் மோட்டார்ஸுக்குத் தடை விதிக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சி ஒன்றைத் தெளிவாக்குகிறது. புதுக் காரை எடுக்கும் நாளில், மாலை அணிவித்துப் படம் எடுக்கும் அவசரத்தில், விற்பனை ஊழியர் நம் கைப்பேசியை வாங்கித் தாமே எல்லாவற்றிற்கும் "சரி" அழுத்தித் தருவதுண்டு. அந்த ஒரு நிமிடத்தில்தான் பல அனுமதிகள் போய்விடுகின்றன.

அனுமதிகளைக் குறைத்தல்

நம் நாட்டிலும் 2019-இல் ஹூண்டாய் வென்யூ, எம்.ஜி. ஹெக்டர் முதலிய கார்கள் உள்ளே பதித்த சிம்மோடு விற்பனைக்கு வந்தன. ஆதலின் இது நமக்கும் உரிய செய்தியே.

அனுமதிகளைக் காரின் திரையிலும் பார்க்க வேண்டும். கைப்பேசிச் செயலியிலும் பார்க்க வேண்டும். ஒன்றில் நிறுத்தியது மற்றொன்றில் நின்றிருக்கும் என்று கொள்ளலாகாது. ஓட்டும் பழக்கத்துக்கு மதிப்பெண் தரும் வசதி, விளம்பரத்துக்கும் மூன்றாம் நிறுவனங்களுக்கும் தகவல் பகிர்தல், இருப்பிடப் பகிர்வு ஆகிய மூன்றையும் தேடிப் பார்த்தல் தகும். முதல் இரண்டையும் நிறுத்துவதால் காரின் ஓட்டத்திற்கு இழப்பு ஏதுமில்லை. மூன்றாவதை நிறுத்தினால், கார் திருடுபோனால் தேடும் வசதி போய்விடும். அதை எண்ணி முடிவு செய்ய வேண்டும். டெலிமாட்டிக்ஸ் இணைப்பை அடியோடு துண்டித்தாலோ, விபத்தின்போது தானே உதவி கோரும் வசதியும் போகக்கூடும்.

நிறுத்தியது பலித்ததா என்று அறிய எளிய வழி உண்டு. காரை வேறோரிடத்தில் நிறுத்திவிட்டுச் செயலியைத் திறந்து பாருங்கள். காரின் புதிய இடம் வரைபடத்தில் தெரிந்தால், இருப்பிடப் பகிர்வு இன்னும் நிற்கவில்லை என்று பொருள். இனி வருவதைத்தான் இந்த நிறுத்தம் தடுக்கும்; ஏற்கெனவே நிறுவனத்தின் கணினிக்குப் போனதை அது அழிக்காது.

விற்குமுன் செய்ய வேண்டியவை

ஆசிரியர் ஒருவர் தம் ஐந்தாண்டுக் காரை விற்கிறார் எனக் கொள்வோம். அவரும் மகனும் செயலியைப் பயன்படுத்துகிறார்கள். வாங்குபவர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். ஆசிரியர் வெள்ளிக்கிழமையே வேலையைத் தொடங்குகிறார்.

முதலில், செயலியில் உள்ள பழுதுபார்ப்பு விவரங்களை நகல் எடுத்துக்கொள்கிறார். பதிவு நீங்கியபின் அவை கிடைக்காமல் போகலாம். அடுத்து, மகனுக்குக் கொடுத்திருந்த பகிர்வையும், கைப்பேசியையே சாவியாக்கும் வசதி இருந்தால் அதையும் நீக்குகிறார். பிறகு தம் கணக்கிலிருந்து காரையே நீக்குகிறார். கைப்பேசியிலிருந்து செயலியை அழித்துவிடுவது இதற்கு ஈடாகாது. செயலி போனாலும் நிறுவனத்தின் கணினியில் பதிவு அப்படியே இருக்கும். பல கார்களில் இந்நேரத்தில் காரின் திரையில் ஓர் எண் தோன்றி, அதை உறுதி செய்யச் சொல்லும். ஆகவே அலைவரிசை எட்டாத அடித்தள நிறுத்துமிடத்தில் இதைச் செய்யாமல், காரைத் திறந்த வெளியில் நிறுத்திச் செய்கிறார். நீக்கியதற்கு வந்த மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துகிறார்.

கணக்கை நீக்கிய பின்னரே திரையைத் துடைக்கிறார். அமைப்புப் பட்டியலில் Factory Reset அல்லது அதையொத்த பெயரில் இது இருக்கும். புளூடூத் பட்டியலிலிருந்து கைப்பேசியின் பெயரை மட்டும் நீக்குவது போதாது. வரைபட முகவரிகளும் வைஃபை கடவுச்சொல்லும் அதனால் போகமாட்டா. துடைப்பு முடியச் சில நிமிடங்கள் ஆகலாம். இடையில் காரை அணைக்காமல், திரை தானே மறுபடி விழிக்கும்வரை காத்திருக்கிறார்.

இவற்றில் எதிலும் சேராதவை சில உண்டு. டாஷ் கேமராவின் நினைவு அட்டையையும், யு.எஸ்.பி. துளையில் செருகிய பென் டிரைவையும் கையோடு எடுத்துக்கொள்கிறார். கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் அவருடைய கணக்கோடு இணைந்தது. அதை வழங்கிய வங்கியிடம் சொல்லி முடிக்காவிட்டால், வாங்கியவர் கடக்கும் சுங்கச்சாவடியின் பணம் இவர் கணக்கிலிருந்து போகும். அவர் கடந்த நேரமும் இடமும் இவருக்குக் குறுஞ்செய்தியாக வரும்.

சனிக்கிழமை அவர் சரிபார்க்கிறார். காரை இயக்கியதும் புதிய காரைப் போல மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லித் திரை கேட்க வேண்டும். புளூடூத் பட்டியலும் வரைபட வரலாறும் வெறுமையாக இருக்க வேண்டும். செயலியில் மீண்டும் நுழைந்தால் கார் தெரியக் கூடாது. இறுதிச் சோதனை ஞாயிறன்று. வாங்குபவர் தம் பெயரில் காரைப் பதிவு செய்து பார்க்கிறார். "இக்கார் ஏற்கெனவே வேறொரு கணக்கில் உள்ளது" என்று வந்தால், பழைய தொடர்பு அறவில்லை. அப்பொழுது பதிவுச் சான்றின் நகலோடு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதி நீக்கச் சொல்ல வேண்டும். பழைய கார் வாங்குவோர் யாராயினும் இந்தச் சோதனையை அன்றே செய்துகொள்வது நலம்; பழைய உரிமையாளர் மறந்திருந்தால் பாதிக்கப்படுபவர் வாங்கியவரே.

துடைத்தாலும் எஞ்சுவது

இம்முறைக்கும் எல்லை உண்டு. திரை பழுதாகிப் பட்டறையில் மாற்றப்பட்டால், பழைய பாகம் துடைக்கப்படாமலே போய்விடும். டெஸ்லா கார்களிலிருந்து கழற்றிய இத்தகைய பாகங்கள் இணையச் சந்தையில் விற்கப்பட்டதையும், அவற்றில் பழைய உரிமையாளரின் வீட்டு முகவரி, தொடர்புப் பட்டியல், வைஃபை கடவுச்சொல் ஆகியவை இருந்ததையும் ஆய்வாளர் ஒருவர் 2020-இல் கண்டறிந்தார். ஆகவே பாகத்தை மாற்றும்போது பழையதைத் திருப்பிக் கேட்பது முறை. விபத்தில் நொறுங்கிய காரைக் காப்பீட்டு நிறுவனத்திடம் விடும்போது திரை இயங்காது. அப்பொழுதும் செயலி வழியே கணக்கிலிருந்து காரை நீக்கிவிடலாம்.

நிறுவனத்தின் கணினியில் முன்பே சேர்ந்தவற்றை அழிக்கத் தனியே எழுதிக் கேட்க வேண்டும். நம் நாட்டில் 2023-இல் இயற்றப்பட்ட எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாறு கேட்கும் உரிமையைக் கூறுகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முதன்மைக் கடமைகள் அதிலிருந்து 18 திங்கள் கழித்து நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன.

காரை விற்கும்போது சாவியையும் பதிவுச் சான்றையும் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்பது பழைய கணக்கு. இன்று கண்ணுக்குத் தெரியாத மூன்றாம் சாவி ஒன்று நிறுவனத்தின் கணினியில் நம் பெயரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதை விடுவித்த பின்னரே அந்தக் கார் உண்மையில் கைமாறுகிறது.