டூயட்டுக்கு எந்தக் கட்டை?
கல்ச்சுரல்ஸ் டூயட்னா ரெண்டு பேர் கட்டையையும் கேட்டு நடுவுல ஒண்ணு வச்சிடுறோம். அதை விட, பையனோட உச்சியையும் பொண்ணோட அடியையும் பாருங்க. ஒரே மெட்டைத்தான் அவங்க ஒரு ஸ்தாயி தள்ளிப் பாடுறாங்க.

மெட்டு ஸ-வில் தொடங்கி மேல் அந்தர காந்தாரம் வரை போகுதுன்னு வைப்போம். கனமான குரல்காரன் கீபோர்டின் நடு 1 கட்டையைத் தாண்டி 2 கட்டை வரை பிசிறில்லாம எட்டுவான். அவளுக்கு நடு 1-க்குக் கீழ இருக்கிற 6 கட்டைதான் அடி. அதுக்குக் கீழ வெறும் காத்துதான்.

1 கட்டையில் வச்சா அவனோட காந்தாரம் 3-ல் விழும், கத்துவான். 5-ல் வச்சா அவளோட ஸ கேட்காது. 6-ல் அவன் உச்சி ஒன்றரை, அவளுக்கு ஸ-வும் கிடைக்கும். ஆறரையும் ஓகே, ஆனா அவனுக்கு மிச்சமே இருக்காது. செக் பண்றப்போ பல்லவியோட நிறுத்தாதீங்க, உச்சி பெரும்பாலும் சரணத்துலதான் வரும்.